போஸ்டரில் ‘சாகை வார்த்தல்’ என்று இருந்தால்: ஊருக்குப் புதியவருக்கு ஆடித் திருவிழாவை விளக்கும் வழி

எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்குச் சொந்த ஊர் உத்தரப்பிரதேசம். சென்னைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2025 ஆடியில் அந்த வீட்டுக்காரர் தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு போஸ்டரைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ‘அக்கா, இதில் கிளையை ஊற்றும் விழா என்று இருக்கிறதே, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்களா?’ என்று கேள்வி வேறு. போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார். சிரித்துவிட்டுத்தான் போட்டோவைத் திறந்தேன். நாலு வரி படித்ததும், அகராதியின் மேல் தப்பே இல்லை என்று புரிந்தது. சாகை என்றால் கிளை, வார்த்தல் என்றால் ஊற்றுதல். இரண்டும் சரி. ஆனால் அந்தத் தெருவில் அன்றைக்கு நடக்கப்போவது கூழ் ஊற்றுவது.

இப்படி ஒரு போட்டோ உங்களுக்கும் வந்து சேரலாம். அதை எப்படிப் படித்து, என்ன சொல்லி அனுப்புவது என்பதை அந்தப் போஸ்டரை வைத்தே சொல்கிறேன். கோயில் எது, தெரு எது என்பதை விட்டுவிடுகிறேன். வடதமிழ்நாட்டில் ஆடியில் ஒட்டும் போஸ்டர்கள் பெரும்பாலும் இந்த மாதிரியேதான் இருக்கும்.

முதலில் கையால் எழுதிக்கொள்ளுங்கள்

போட்டோவைப் பார்த்தபடியே விளக்கத் தொடங்காதீர்கள். போஸ்டர் எழுத்து வளைந்து நெளிந்து இருக்கும், மடிப்பில் புள்ளிகள் காணாமல் போகும். ‘வார்த்தல்’ என்பது ‘வார்த்தை’ போலத் தெரியும். ‘அலகு குத்துதல்’ என்பதை அச்சுப்பிழை என்று நினைத்து ‘அழகு’ என்று திருத்திவிடுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். (அது நாக்கிலும் கன்னத்திலும் சிறு வேல் குத்திக்கொள்ளும் நேர்த்திக்கடன்.) வரி வரியாக எழுதினால் எந்தச் சொல் மங்கலாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நான் எழுதிக்கொண்டது இது:

உ
ஓம் சக்தி! பராசக்தி!
அருள்மிகு ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலய
ஆடி 3ஆம் ஞாயிறு சாகை வார்த்தல் விழா
நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆடி மாதம் 18ஆம் நாள் (3-8-2025)
வெள்ளி மாலை 6.00 – காப்புக் கட்டுதல்
ஞாயிறு காலை 8.00 – கரகம் ஜோடித்து வீதி உலா
பகல் 12.00 – சாகை வார்த்தல்
மாலை 4.00 – பொங்கலிடுதல், மாவிளக்கு
இரவு 9.00 – கும்பம் இடுதல், அம்மன் வர்ணிப்பு
திங்கள் காலை – மஞ்சள் நீராட்டு

கீழே விழாக் குழுவினர், ஊர்ப் பொதுமக்கள், உபயதாரர் பெயர்கள். வாசிக்கிறவர் அதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உபயம் என்று ஒரு பெயருக்கு நேரே இருந்தால், விழாவில் அந்தப் பகுதியின் செலவு அவருடையது.

தேதி வரி உங்களுக்குச் சோதனை

தலையில் இருக்கிற ‘உ’ பிள்ளையார் சுழி. அதை உகரம் என்று நினைத்து யாரும் மண்டையைக் குடைய வேண்டாம். அடுத்து அந்த நீளமான தேதி வரி. விசுவாவசு என்பது அறுபது வருடச் சுற்றில் ஒரு வருடத்தின் பெயர். 2025 ஏப்ரல் நடுவில் தொடங்கிய தமிழ் வருடம் அது. அதற்கு முன்னால் அதே பெயர் வந்தது 1965இல். இதை மொழிபெயர்க்க முடியாது, ‘அந்த வருடத்தின் பெயர்’ என்று சொன்னால் போதும்.

ஆனால் இந்த வரியால் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. அந்த வருடம் ஆடி 1 ஜூலை 17இல் வந்தது. ஆகவே ஆடித் தேதியோடு 16ஐக் கூட்டி, ஜூலைக்கு 31ஐக் கழித்தால் ஆங்கிலத் தேதி வரும்: 18உம் 16உம் 34, அதில் 31 போக ஆகஸ்ட் 3. அச்சிட்ட தேதியோடு ஒத்துப்போகிறது, கிழமையும் ஞாயிறு. வேறு வருடங்களில் கணக்கு ஒரு நாள் முன்பின் ஆகலாம். அதற்கு மேல் இடித்தால், கிழிந்துபோன பழைய போஸ்டரின் அடிப்பாதியும் புதியதன் மேல்பாதியும் சேர்ந்து போட்டோவில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் சுவரில் மூன்று அடுக்கு இருக்கும்.

அதே ஆகஸ்ட் 3தான் ஆடிப்பெருக்கும். போஸ்டரில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆடி 18 என்றாலே தமிழ் தெரிந்தவருக்கு அது ஞாபகம் வந்துவிடும், புதியவருக்கு வராது. ‘அன்றைக்குக் கோயில்களில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மன் பெயரைப் பிரிக்காதீர்கள், கதையைச் சொல்லுங்கள்

முத்துமாரியம்மன் என்பதைச் சொல்லுக்குச் சொல் போட்டால் ‘முத்து மழைத் தாய்’ என்று ஏதோ வரும். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் விஷயம் அதில் இல்லை. மாரி என்றால் மழை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இவள் அம்மை நோயின் தெய்வம். உடம்பில் போடுகிற கொப்புளத்தைத்தான் நம் பெரியவர்கள் ‘முத்து’ என்பார்கள், ‘அம்மா வந்திருக்கா’ என்பார்கள். பெரியம்மை 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வேப்பிலையும் மஞ்சளும் கூழும் மட்டும் விழாவில் அப்படியே இருக்கின்றன. சூட்டைத் தணிக்கிற பொருள்கள் என்பதுதான் இவற்றைக் கோக்கிற நூல். இதைச் சொல்லாமல் விட்டால் போஸ்டரின் மீதி வரிகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

வடக்கிலிருந்து வந்தவர் என்றால் உங்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அங்கே சீதளா மாதா என்று ஒரு தெய்வம், அவளும் அம்மைக்கு உரியவள், வேப்பிலையும் உண்டு. ஹோலி முடிந்த எட்டாம் நாளை ஒட்டி அவளுக்குச் செய்யும் பூஜையில், முதல் நாளே சமைத்து ஆறவைத்த சாப்பாட்டைப் படைப்பார்கள். நான் ‘உங்கள் சீதளா மாதாவுக்கு அக்கா தங்கை மாதிரி’ என்று சொன்னதும் மாடி வீட்டு அம்மாவின் முகம் மாறியது. சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆனால் ‘அவளேதான் இவள்’ என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே அது பெரும்பாலும் வீட்டோடு செய்கிற பூஜை. இங்கே தெருவே அடுப்படி ஆகும், கரகம் வீடு வீடாக வரும். ஒன்று என்று சொல்லிவிட்டால், வருகிறவர் அமைதியான பூஜையை எதிர்பார்த்துக் கைக்குழந்தையோடு பம்பைச் சத்தத்தின் நடுவே வந்து நிற்பார்.

படத்தைப் பற்றியும் கேள்வி வரும். பல அம்மன் போஸ்டர்களில் கழுத்துக்கு மேலே முகம் மட்டும் பெரிதாக இருக்கும், கோயில்களிலும் சிரசை மட்டும் வைத்துக் கும்பிடுவது உண்டு. அதற்குச் சொல்லப்படுவது ரேணுகாதேவி கதை. ஜமதக்னி முனிவர் சொல்லி மகன் பரசுராமர் தாயின் தலையை வெட்டினார், பிறகு வரம் கேட்டு உயிர்ப்பிக்கும்போது அவசரத்தில் தலை வேறொரு பெண்ணின் உடலோடு பொருந்திவிட்டது என்பார்கள். இதைச் சொன்னால் புதியவருக்குப் படம் பயமுறுத்தாது. போஸ்டரில் ‘சிரசு’ என்று வந்தால் ‘தலை’ என்று எழுதாமல் சிரசு என்றே விட்டு, இந்தக் கதையை இரண்டு வரியில் கொடுங்கள்.

பக்கத்தில் துணைத் தெய்வங்களின் பெயர் இருந்தால் அது யாருடைய கோயில் என்பதற்கும் அடையாளம். போத்தராஜா இருந்தால் பெரும்பாலும் திரௌபதி அம்மன், பாவாடைராயன் இருந்தால் அங்காளம்மன், காத்தவராயன் இருந்தால் மாரியம்மன். ராஜா என்றும் ராயன் என்றும் வருவதால் சரித்திர மன்னர் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு.

‘காப்புக் கட்டுதல்’ வெறும் கயிறு கட்டுவது இல்லை

காப்பு என்பது மஞ்சள் தடவிய கயிறு, சில இடங்களில் மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டியது. அம்மனுக்கும், விரதம் இருப்பவர்களுக்கும் கட்டுவார்கள். கட்டிவிட்டால் விழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவிழ்க்கும்வரை விரதக்காரர் அசைவம் தொட மாட்டார், வெளியூர் போய் இரவு தங்கவும் மாட்டார். கிராமத்தில் ஊர் முழுக்கவே அந்தக் கட்டுப்பாட்டில் இருக்கும். விருந்தாளியாக வந்தவர்கள் காப்புக் கட்டுவதற்குள் கிளம்பிப் போவதும் உண்டு.

மாடி வீட்டுக்காரர் அந்தச் சனிக்கிழமை திருப்பதி போய்த் தங்கி வர, எங்கள் தெருவில் கார் ஓட்டுகிற தம்பியிடம் பேசி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி அவன், ‘காப்புக் கட்டிட்டேன் சார், திங்கள்கிழமைக்கு அப்புறம் போலாம்’ என்று சொல்லிவிட்டான். இவருக்கு ஒன்றும் புரியவில்லை, வாடகை அதிகம் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார். போஸ்டரில் ‘கயிறு கட்டும் நிகழ்ச்சி’ என்று மட்டும் படித்தவருக்கு இது எப்படித் தெரியும்? ஆகவே காப்பு என்ற வரிக்கு நீங்கள் எழுத வேண்டிய விளக்கம் இப்படி இருக்கட்டும்: ‘வெள்ளி மாலை விழா தொடங்குகிறது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள் விழா முடியும்வரை விரதம். வெளியூருக்கு அழைக்காதீர்கள், அசைவம் கொடுக்காதீர்கள். குடியிருக்க வந்த உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதைத்தான் அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

சாப்பாட்டு வரிகளை நேரில் கேளுங்கள்

‘சாகைன்னா என்ன?’ என்று கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார்கள், ‘சாகைன்னா சாகைதான்’ என்பார்கள். ‘அன்னிக்கு என்ன செய்வீங்க, நாங்க என்ன எடுத்துட்டு வரணும்?’ என்று கேளுங்கள். நான் கேட்டது கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம். கையில் சரத்தைத் தொடுத்தபடியே சொன்னார்: ‘வூட்டுக்கு வூடு கூழ் காய்ச்சிக் கொண்டாந்து பெரிய அண்டாவுல ஊத்துவாங்கம்மா. எல்லாம் ஒண்ணா கலந்து, சாமிக்குப் படைச்சிட்டு, அப்புறம் எல்லாருக்கும் ஊத்துவாங்க. நீ தூக்கு எடுத்துனு வா.’

இதில் இரண்டு முறை வார்த்தல் இருக்கிறது. முதலில் எல்லா வீட்டுக் கூழும் ஒரே அண்டாவில் விழுகிறது, பிறகு அதிலிருந்து எல்லாருடைய பாத்திரத்திலும் விழுகிறது. யார் வீட்டுக் கூழை யார் குடித்தார்கள் என்று பிரிக்க முடியாது. ‘இலவசக் கஞ்சி விநியோகம்’ என்று மொழிபெயர்த்தால் இந்த முதல் பாதி காணாமல் போய்விடும், வருகிறவரும் ஏதோ ஏழைகளுக்கான தானம் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்.

கூழ் என்பதற்கும் ஒரு விளக்கம் வேண்டும், ஏனென்றால் ‘கஞ்சி’ என்றால் அவர்கள் சூடான, நோயாளிக்குக் கொடுக்கிற ஒன்றை நினைப்பார்கள். இது கேழ்வரகு மாவில் செய்து புளிக்கவைத்து, ஆறின பிறகு குடிப்பது. வீட்டளவில் சொன்னால், ஒரு டம்ளர் மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் முதல் நாள் இரவே கரைத்து வைப்பார்கள். காலையில் அது லேசாகப் பொங்கிப் புளித்த வாசனை அடிக்கும். கால் டம்ளர் அரிசி நொய்யை நாலு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, அதில் இந்தக் கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுவார்கள். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் வெந்ததற்கு அடையாளம். ஆறிய பிறகு உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போடுவார்கள். புளிப்பாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கெட்டுப்போனது என்று நினைத்துக் கீழே ஊற்றிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு மனசு கஷ்டப்படும்.

பொங்கலிடுதல் என்ற வரியைப் பார்த்ததும் ‘அது ஜனவரியில்தானே?’ என்று கேட்பார்கள். இது பண்டிகையின் பெயர் இல்லை, கோயில் முன் புதுப்பானையில் அரிசி பொங்கவைப்பது. மாவிளக்கு என்பது பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்யூற்றி ஏற்றுகிற விளக்கு. மலையேறியதும் அந்த மாவையே பிரசாதமாகச் சாப்பிடுவார்கள். விளக்கா பலகாரமா என்றால் இரண்டும்தான்.

இப்போது கும்பம். என் அனுபவத்தில் ரொம்ப வம்பான சொல் இதுதான். கும்பாபிஷேகம், பூர்ணகும்பம் என்று பழகியவர்கள், நானும் சேர்த்து, கலசத்தில் தண்ணீர் என்றே எண்ணிவிடுவோம். இந்த மாதிரிப் போஸ்டரில் இரவு நேரத்தில், ‘இடுதல்’ அல்லது ‘கொட்டுதல்’ என்ற வினையோடு வந்தால் அது வேறு. அம்மன் முன்னால் சோற்றைக் குவியலாகக் கொட்டி, குழம்பும் முருங்கைக்கீரையும் சேர்த்துப் படைப்பது. பல கோயில்களில் அந்தக் குழம்பு கருவாட்டுக் குழம்பு. கூடவே முட்டையும் இருக்கும். பூசை முடிந்ததும் அதைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள்.

மாடி வீட்டில் யாரும் அசைவம் சாப்பிடுவதில்லை. ‘கலச பூஜை, இரவு 9 மணி, அவசியம் வாருங்கள்’ என்று நான் எழுதி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூக்காரம்மாவிடம் கேட்டதால் தப்பித்தேன். நான் அனுப்பியது: ‘மதியம் கூழ் சைவம்தான், தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு இருக்கலாம், வெங்காயம் போதும் என்று சொல்லுங்கள். இரவு கும்பத்தில் கருவாடு இருக்கும். பார்க்கலாம், வாங்க வேண்டாம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.’ உங்கள் ஊர்க் கோயிலில் கும்பம் முழுக்கச் சைவமாகவும் இருக்கலாம். அதனால்தான் கேட்டுவிட்டு எழுதச் சொல்கிறேன்.

பூ, கரகம், மஞ்சள் நீர்

கரகம் என்றதும் தலையில் குடம் வைத்து ஆடுகிற ஆட்டம் நினைவுக்கு வரும். இங்கே அது ஆட்டக் கரகம் இல்லை. நீர்க்கரையில் பூவும் வேப்பிலையும் வைத்து அலங்கரித்து எடுத்துவருகிற குடம், அம்மனே அதில் வருவதாக நம்பிக்கை. ‘ஜோடித்து’ என்றால் அலங்கரித்து என்று பொருள், ஜோடி சேர்ப்பது அல்ல. பூங்கரகம் என்றால் நிஜமாகவே பூ. ஆனால் பூக்குழி, பூமிதி என்று வந்தால் அது நெருப்புத் தணல். ஒரே பூ ஓரிடத்தில் பூவாகவும் இன்னோரிடத்தில் தீயாகவும் இருப்பதைப் புதியவர்கள் ரொம்ப ரசிக்கிறார்கள்.

கரகம் வீட்டு வாசலுக்கு வரும்போது, எடுத்துவருகிறவரின் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். செருப்பில்லாமல் சூட்டில் நடந்து வருகிற காலுக்கு மஞ்சள் கலந்த தண்ணீர். காலை 8 மணிக்கு ஒரு குடம் தயாராக வையுங்கள் என்று மாடிக்குச் சொல்லியிருந்தேன். அவர்கள் இரண்டு வைத்திருந்தார்கள்.

திங்கள்கிழமை மஞ்சள் நீராட்டு என்பது விழா முடிகிற அடையாளம். முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். ‘ஆபீஸ் சட்டையோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்’ என்பதைத் தவிர அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஞாயிறு பகலில் அவர் தூக்கோடு வரிசையில் நின்றதைப் பார்த்தேன். வெங்காயத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு போட்டோ வந்தது, இந்த முறை பெரிய பேனர். ‘அக்கா, மஞ்சள் நீராட்டு விழா என்று படித்துவிட்டேன். பழைய சட்டை போட்டுக்கொண்டு போகலாமா?’ என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்தால், பட்டுப் பாவாடையில் ஒரு பெண் குழந்தை படம், மேலே அம்மன் பெயருக்குப் பதில் அப்பா அம்மா பெயர், ஓரத்தில் தாய்மாமன்கள் வரிசை, கீழே கல்யாண மண்டபத்தின் விலாசம். வயசுக்கு வந்த பெண்ணுக்குச் செய்கிற வீட்டு விசேஷம். நல்ல சட்டையாகவே போட்டுக்கொண்டு போகச் சொன்னேன், அதுவும் அவர்கள் வீட்டுக்கு வந்து அழைத்திருந்தால்.